சங்கத்தை வங்கிபோல ஆக்கப் போய் நான் பட்டது

2023 ஆவணி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டரைக்குச் சங்கத்தின் கதவைத் திறக்கப் போனபோது படியில் பதினொரு பேர் நின்றார்கள். எல்லாருடைய கையிலும் சேமிப்புப் புத்தகம் இருந்தது. காசு போட வந்தவர்கள் இல்லை என்பது முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஒன்பது வேலை நாட்களில் 41 பேர் 38 இலட்சம் ரூபாவை எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த நாட்களில் இரவில் படுத்தால் நித்திரை வராது. காசை எண்ணுவேன், திரும்பவும் எண்ணுவேன். கேட்பதற்கு ஆள் இருக்கவில்லை. நிர்வாகக் குழுவில் இருந்தவர்கள் எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். "நீர் படிச்சனீர், நீரே பாரும்" என்று என்னிடமே விட்டுவிட்டார்கள். சிறிய கடனுதவு சங்கம் ஒன்றைப் பொறுப்பெடுத்து, அதற்கு நல்ல பெயர் எடுத்துக் கொடுக்க நினைக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எங்களுடையது வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கம். 640 உறுப்பினர்கள். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், தையல் வேலை செய்கிற பெண்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க இங்கே தனியே இருக்கிற அம்மாமார். நான் வந்தபோது வைப்பு 2 கோடியே 80 இலட்சம். அதில் பெரும்பகுதி உறுப்பினர்களுக்கே கடனாகப் போயிருந்தது. வங்கியில் நிலையான வைப்பாக 55 இலட்சம், வங்கிச் சேமிப்புக் கணக்கில் 20 இலட்சம், பெட்டியில் 3 இலட்சம். கணக்கு ஒழுங்காக இருந்தது. கட்டடம்தான் பார்க்கச் சகிக்காது. காரை உதிர்ந்த சுவர், மர மேசை, மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு பெரிய அலுமாரி. அலுமாரி நிறையச் சிவப்புத் துணி அட்டை போட்ட பழைய பேரேடுகள்.

நான் அதற்கு முதல் ஆறு வருடம் கொழும்பில் ஒரு நிதி நிறுவனத்தில் விற்பனைப் பகுதியில் இருந்தவள். 2023 மாசியில் இங்கே முகாமையாளராக வந்ததும் எனக்கு ஒரே யோசனைதான். ஊரில் வட்டிக்குக் கொடுப்பவர்களும் நுண்கடன் நிறுவனங்களும் சனத்தைப் பிழிகின்றன, வங்கிக்குப் போனால் ஆளுக்கு ஒரு இலக்கம் கொடுத்து இருத்தி வைக்கிறார்கள், இரண்டுக்கும் நடுவில் நாங்கள் இருக்கிறோம், ஆனால் எங்களைப் பார்த்தால் எவருக்கும் நம்பிக்கை வராது, ஆகவே வங்கிபோலத் தெரிய வேண்டும். இதைத்தான் நான் பிராண்டிங் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவைச் சம்மதிக்க வைத்தேன். புதிய பெயர்ப்பலகைக்கு 1 இலட்சத்து 40 ஆயிரம், கண்ணாடி அடைத்த கவுண்டருக்கு 2 இலட்சத்து 35 ஆயிரம், இலச்சினைக்கும் நோட்டீசுக்கும் 65 ஆயிரம், சீருடைக்கும் திறப்பு விழாவுக்கும் 80 ஆயிரம். மொத்தம் 5 இலட்சத்து 20 ஆயிரம். எங்கள் அளவுச் சங்கத்துக்கு அது ஒரு வருடத்து இலாபத்தில் பாதிக்கு மேல்.

பலகையில் சங்கத்தின் பதிவுப் பெயரை அடியில் சின்னதாகப் போட்டுவிட்டு, மூன்று எழுத்துச் சுருக்கப் பெயரைப் பெரிதாக நீல நிறத்தில் போட்டு, பக்கத்தில் 'பினான்ஸ்' என்று எழுதினோம். கண்ணாடிக் கவுண்டருக்கு இடம் வேண்டும் என்று பேரேட்டு அலுமாரியைப் பின்னறைக்குத் தள்ளினோம். நோட்டீசில் முதல் வரி, 'வங்கியை விட அதிக வட்டி'. அந்த ஆனியிலும் ஆடியிலும் மத்திய வங்கி வட்டியைக் குறைத்துக்கொண்டு வந்தது. வங்கிகளும் வைப்பு வட்டியை இறக்கிக்கொண்டிருந்தன. நாங்கள் ஒன்றரை வீதம் கூடக் கொடுத்தால் சனம் எங்களிடம் வரும் என்பது என் கணக்கு. இரண்டாவது வரி, 'ஆண்டு வட்டி 18 வீதத்தில் இலகு கடன்'.

திறப்பு விழா முடிந்து மூன்றாம் நாள் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் வந்தார். முப்பது வருட உறுப்பினர். உள்ளே வந்து கண்ணாடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "பிள்ளை, சங்கத்தை ஆருக்கும் குடுத்திட்டியளோ?" என்று கேட்டார். இல்லை ரீச்சர், இது எங்கட சங்கம்தான், வடிவாக்கியிருக்கிறம் என்றேன். "அப்ப கணக்குப் புத்தகங்கள் எங்க?" பின்னறையில் இருக்கு என்றேன். அவர் நோட்டீசைக் கையில் எடுத்து முதல் வரியை வாசித்தார். "வங்கியை விடக் கூடத் தாறம் எண்டு சொல்லி வந்த ஆக்களிட்டக் காசைக் குடுத்திட்டு நிண்ட சனத்தை நான் கண்டிருக்கிறன். உங்களுக்கு என்ன, காசு தட்டுப்பாடோ?"

அன்று நான் அவருக்கு விளக்கம் சொல்லி அனுப்பினேன். அவர் கேட்ட மூன்று கேள்வியிலும் முழுப் பிழையும் இருந்தது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வைப்புக்கு அதிக வட்டி கொடுக்கிறோம் என்றால் விற்பனை ஆளுக்கு அது கவர்ச்சி. காசு போட்டு ஏமாந்த ஊருக்கு அது அபாய அறிவிப்பு. வட்டியைக் கூட்டுகிற இடத்துக்குக் காசு அவசரமாகத் தேவை என்றுதான் சனம் எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். வங்கிகள் கொடுப்பதற்குச் சமமாக, அல்லது அரை வீதம் குறைவாகக் கொடுத்துக்கொண்டு, ஏன் குறைவு என்று சொல்லக்கூடிய சங்கத்தைத்தான் அவர்கள் நம்புகிறார்கள். நாங்கள் இப்போது அரை வீதம் குறைத்தே கொடுக்கிறோம். யாரும் கேட்டால், அந்த அரை வீதம் ஒதுக்கு நிதிக்குப் போகிறது, கடன் ஒன்று வராமல் போனால் உங்கள் காசில் கை வைக்காமல் அதிலிருந்துதான் ஈடு செய்வோம் என்று சொல்லுகிறோம்.

கண்ணாடியும் அப்படித்தான். வங்கியில் கண்ணாடி இருந்தால் பாதுகாப்பு. எங்களிடம் அது வந்ததும், இவ்வளவு நாளும் தங்கள் கண் முன்னால் மேசையில் எண்ணப்பட்ட காசு இப்போது மறைக்கப்படுகிறது என்று நினைத்தார்கள். வங்கியின் தோற்றத்துக்குப் பின்னால் மத்திய வங்கி நிற்கிறது, நாடு முழுக்கக் கிளைகள் நிற்கின்றன. எங்களுக்குப் பின்னால் அது எதுவும் இல்லை. அந்தத் தோற்றத்தை மட்டும் நாங்கள் எடுத்துப் போட்டபோது, சனத்துக்கு ஞாபகம் வந்தது நேற்று வந்து நாளைக்குப் பூட்டிக்கொண்டு போகிற கம்பனிகள்தான்.

பிறகு தொலைபேசி வேலை செய்தது. ஒரு அம்மா திறப்பு விழாப் படத்தைக் கனடாவில் இருக்கிற மகனுக்கு அனுப்பியிருக்கிறார். அவர், "பெயரே மாறிப் போச்சு, காசை எடுங்கோ அம்மா" என்றிருக்கிறார். அதை அவர் தன் சொந்தக்காரர்களின் வைபர் குழுவிலும் போட்டிருக்கிறார். அந்தச் செய்தி ரொறன்ரோவிலிருந்து எங்கள் ஊருக்குத் திரும்பி வர இரண்டு நாள்கூட ஆகவில்லை. வந்தபோது அது 'சங்கத்தை ஒரு பினான்ஸ் கம்பனி வாங்கிவிட்டது' என்று மாறியிருந்தது. 38 இலட்சத்தில் 16 இலட்சம் வெறும் இரண்டு குடும்பங்களுடையது. இரண்டும் வெளிநாட்டுக் காசு. சங்கங்களில் இருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். உறுப்பினர் தொகையைப் பார்த்து, 640 பேரின் நம்பிக்கை என்று நான் நினைத்திருந்தேன். உண்மையில் வைப்பில் பெரிய பங்கு பத்துப் பன்னிரண்டு குடும்பங்களின் கையில் இருந்தது. முடிவு எடுக்கிறவர்கள் எங்கள் கதவைக் கண்ணாலும் காணாதவர்கள். இப்போது ஒரு குடும்பத்துக்கு 10 இலட்சம்தான் மேல்வரம்பு.

முதல் நாள் பதினொரு பேருக்கும் கொடுத்தேன். பெட்டியில் இருந்த 3 இலட்சம் மதியத்துக்குள் முடிந்துவிட்டது. வங்கிச் சேமிப்பில் 20 இலட்சம் இருக்கிறது, காசோலை எழுத வேண்டும், அதற்குத் தலைவரும் பொருளாளரும் இருவரும் கையெழுத்திட வேண்டும். பொருளாளர் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்பில். இரண்டாம் நாள் நான் மூன்று பேரிடம், "வியாழக்கிழமை வாங்கோ" என்றேன். நான் செய்ததில் ஆகப் பெரிய பிழை அதுதான். காசு இருந்தது. ஆனால் வியாழக்கிழமை வாங்கோ என்ற சொல் ஊருக்குள் 'காசு இல்லையாம்' என்று போனது. மூன்றாம் நாள் படியில் இருபது பேர். அதனால் சொல்கிறேன், கையெழுத்திட மூன்று பேரை வைத்து, அதில் எந்த இரண்டு பேர் போட்டாலும் போதும் என்று வங்கியில் எழுதிக் கொடுத்து வையுங்கள். பணம் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் பார்க்காமல், ஒரு மணித்தியாலத்தில் கைக்கு எடுக்கக்கூடியது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். மனிதருடைய கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது மட்டும்தான்.

பயத்தில் இன்னொன்றும் செய்தேன். வங்கியில் 30 இலட்சத்தின் ஒரு வருட நிலையான வைப்பு ஒன்று இருந்தது. 2022 கார்த்திகையில், வட்டி ஏறியிருந்த காலத்தில், 21 வீதத்துக்குப் போட்டது. ஒன்பது மாதம் முடிந்திருந்தது. அதை முறித்தேன். இடையில் முறித்ததால் 12 வீதம்தான் கணக்கிட்டார்கள். ஒன்பது மாதத்துக்கு 4 இலட்சத்து 72 ஆயிரம் வர வேண்டியது 2 இலட்சத்து 70 ஆயிரமாக வந்தது. 2 இலட்சத்துக்கு மேல் ஒரு கையெழுத்தில் போனது. எனக்கு உண்மையில் தேவைப்பட்டது 15 இலட்சம், பெட்டியில் கையிருப்பாக வைக்க வேண்டியதையும் சேர்த்தால் 18. அந்த வைப்பையே பிணையாக வைத்து 18 இலட்சம் கடன் எடுத்திருக்கலாம். வைப்பு வட்டியைவிட இரண்டு மூன்று வீதம் கூட, மூன்று மாதத்துக்கு ஏறக்குறைய 1 இலட்சத்து 8 ஆயிரம் செலவு. வைப்பும் முதிர்ந்திருக்கும், அதன் முழு வட்டியும் வந்திருக்கும். வங்கி மனேஜர் அதைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உங்கள் சங்கத்தின் நிலையான வைப்புகளை ஒரே இரசீதாகப் போடாமல் ஐந்து இலட்சம் ஐந்து இலட்சமாக, வேறு வேறு மாதங்களில் முதிரும்படி போட்டு வையுங்கள். அப்படி இருந்திருந்தால் நான் முழுவதையும் முறித்திருக்கவே தேவையில்லை.

நாலாம் நாள் பழைய செயலாளர் ஐயா வந்தார். எண்பது வயது தாண்டியவர், சைக்கிளில்தான் வருவார். வரிசையில் நின்றவர்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. என்னிடம் வந்து, "அலுமாரியை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில வை பிள்ளை" என்றார். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. காசு போய்க்கொண்டிருக்கிற நேரத்தில் அலுமாரியா என்று. ஆனாலும் பொடியளைக் கூப்பிட்டுக் கொண்டுவந்து வைத்தோம். அவர் ஒரு கதிரையைப் போட்டு அதன் பக்கத்தில் இருந்தார். வருகிற ஆளுடைய பேரேட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து, "இஞ்ச உம்மட கணக்கு. வைச்சிருக்கவும் ஏலும், எடுக்கவும் ஏலும்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம்தான் அந்த அலுமாரியின் கதையை முழுதாகக் கேட்டேன். 1995 ஐப்பசி இடப்பெயர்வில் வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போனபோது, அவரும் அன்றைய பொருளாளரும் பேரேடுகளை உரப்பையில் கட்டிச் சைக்கிளில் வைத்துச் சாவகச்சேரி வரை தள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அடுத்த வருடம் ஊருக்குத் திரும்பியதும், சேமிப்புப் புத்தகத்தைத் தொலைத்தவர்களுக்கும் அந்தப் பேரேட்டைப் பார்த்துக் கணக்குத் தீர்த்திருக்கிறார்கள். ஊரில் ஐம்பது வயதைத் தாண்டிய எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. நான் கேட்கவுமில்லை. யாரிடமும் இல்லாத ஒன்று இந்தச் சங்கத்திடம் இருந்தது. அதைத்தான் நான் இடம் போதாதென்று பின்னறைக்குத் தள்ளியிருக்கிறேன். இதை எழுதும்போதும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. புதிதாக ஒரு சங்கத்துக்குப் போகிறவர்கள் பலகைக்கு விலை கேட்பதற்கு முதல், மூத்த உறுப்பினர்கள் பத்துப் பேரின் வீட்டுக்குப் போய், 'நீங்கள் ஏன் உங்கட காசை இஞ்ச வைச்சிருக்கிறியள்' என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதில்களில் எந்தப் பொருள், எந்த ஆள், எந்தப் பழக்கம் திரும்பத் திரும்ப வருகிறதோ, அதில் கை வைக்காதீர்கள்.

ஒன்பதாம் நாளோடு வரிசை நின்றது. அதன் பிறகு கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்து உத்தியோகத்தர் வந்து பலகையைப் பார்த்துவிட்டு, பதிவுப் பெயரைத்தான் முழுதாகப் போட வேண்டும், 'வங்கி', 'பினான்ஸ்' போன்ற சொற்கள் அதற்கென்று அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு உரியவை, கழற்றுங்கள் என்றார். கழற்றினோம். இப்போது இருப்பது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. முழுப் பெயர், 'வரையறுத்தது' என்ற சொல், பதிவு இலக்கம், பதிவு செய்த ஆண்டு. எழுதுகிறவருக்கு 9 ஆயிரம் ரூபா கொடுத்தோம்.

அதற்கடுத்து நாங்கள் செய்ததில் உண்மையில் பலன் தந்தது ஒரு கரும்பலகை. வாசலுக்குப் பக்கத்தில், வீதியால் போகிறவருக்கும் தெரிகிற இடத்தில். ஒவ்வொரு மாதமும் முதல் வேலை நாள் காலை ஒன்பது மணிக்கு அதில் நாலு வரி எழுதுகிறேன். உறுப்பினர்களின் வைப்பு எவ்வளவு, கடனாகக் கொடுத்திருப்பது எவ்வளவு, மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நிற்கிற கடன் எவ்வளவு, கையிலும் வங்கியிலும் இருப்பது எவ்வளவு. முதல் மாதம் எழுதியது வைப்பு 2 கோடியே 42 இலட்சம், கடன் 2 கோடியே 39 இலட்சம், நிலுவை 17 இலட்சம், கையிருப்பு 44 இலட்சம். வைப்பைவிடக் கடனும் கையிருப்பும் சேர்ந்து கூட வருகிறதே என்று ஒருவர் கேட்டார். பங்குப் பணமும் ஒதுக்கு நிதியும் அதற்குள் இருக்கிறது என்று விளக்கினேன். அப்படிக் கேள்வி வருவதே நல்லது. மூன்றாவது வரியை எழுதக் குழுவில் பெரிய எதிர்ப்பு இருந்தது. பொருளாளர், "17 இலட்சம் நிலுவை எண்டு நாங்களே எழுதி வைச்சா சனம் மிச்சத்தையும் எடுக்கும்" என்றார். அவருடைய பயம் நியாயமானது. ஆனால் நல்ல மூன்று வரியை மட்டும் எழுதினால் நாலாவது என்ன என்று சனம் தானே ஒரு தொகையை வைத்துக்கொள்ளும். அது எப்போதும் உண்மையைவிடப் பெரிதாக இருக்கும். கடைசியில் பெயர்கள் எதுவும் வராது, தொகை மட்டும் வரும் என்ற உடன்பாட்டோடு எழுதினோம். அந்த நாலு வரிக்குக் கீழே நான், பொருளாளர், சீட்டுக் குலுக்கி எடுத்த ஒரு சாதாரண உறுப்பினர் என்று மூன்று பேர் கையெழுத்திடுகிறோம். அந்த மூன்றாவது ஆள் வங்கிக் கூற்றையும் பெட்டியையும் தன் கண்ணால் பார்த்த பிறகுதான் கையெழுத்திடுவார். கையிருப்பு, வைப்பில் நூற்றுக்குப் பதினைந்துக்குக் கீழே போகக்கூடாது என்று எங்களுக்கு ஒரு கோடு வைத்துக்கொண்டோம். முதல் மாதம் பதினெட்டு இருந்தது. ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கணக்கு உண்மையிலேயே பழுதாய்ப் போன சங்கத்தை இந்தப் பலகை காப்பாற்றாது, அதை வேகமாக விழுத்தும். முதலில் நிலுவையைச் சரிசெய்துவிட்டுத்தான் பலகைக்கு வர வேண்டும்.

'மத்திய வங்கியில பதிவோ?' என்ற கேள்விக்கு முன்பெல்லாம் நாங்கள் சுற்றி வளைத்துப் பதில் சொல்வோம். இப்போது மூன்று பணியாளர்களும் ஒரே பதிலைச் சொல்கிறோம். இல்லை, நாங்கள் கூட்டுறவுச் சட்டத்தின் கீழ் கூட்டுறவு அபிவிருத்தித் திணைக்களத்தில் பதிவு, அவர்களுடைய மேற்பார்வையில் கணக்காய்வு நடக்கிறது. அனுமதி பெற்ற வங்கிகளிலும் நிதிக் கம்பனிகளிலும் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி இருக்கிறது, எங்களுக்கு அது இல்லை. இருக்கிற எல்லாக் காசையும் இங்கே வைக்க வேண்டாம், வங்கியிலும் ஒரு பங்கு வையுங்கள். இதைச் சொன்னால் ஆள் எழும்பிப் போய்விடுவார் என்றுதான் நானும் பயந்தேன். பெரும்பாலானவர்கள் கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார்கள். 'நூறு வீதம் பாதுகாப்பு' என்று எழுதுகிற நோட்டீசை எந்தச் சங்கமும் அடிக்கக்கூடாது. அது உண்மையும் இல்லை, அதே சொல்லை ஏமாற்றினவர்களும் பாவித்திருக்கிறார்கள்.

கடன் பக்கத்தில் நடந்தது வேறு கதை. வட்டிக்குக் கொடுப்பவரிடம் போகிற சனம் எங்களிடம் வரவில்லை. தையல் வேலை செய்கிற அக்கா ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "உங்களிட்டப் பதினெட்டு வட்டியெல்லோ. அங்க அஞ்சுதானே" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நோட்டீசில் நான் போட்டது வருட வட்டி. ஊரில் எல்லாரும் கணக்குப் பார்ப்பது நூற்றுக்கு மாதம் எவ்வளவு என்று. அவருக்கு 18 என்பது மாதத்துக்குப் பதினெட்டு. அரை வருடமாக எங்கள் நோட்டீசே சனத்தை வட்டிக்காரரிடம் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த அக்காவுக்கு ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். இலட்சம் ரூபாவை நூற்றுக்கு அஞ்சுக்கு எடுத்தால் மாதம் 5 ஆயிரம் வட்டி. வருடம் முடிய 60 ஆயிரம் கட்டியிருப்பீர்கள், இலட்சம் அப்படியே நிற்கும். எங்களிடம் நூற்றுக்கு ஒன்றரை, அதுவும் மிச்சமிருக்கிற முதலுக்கு மட்டும். முதல் மாதம் முதலுக்கு 8,333, வட்டி 1,500, மொத்தம் 9,833. மாதா மாதம் வட்டி குறைந்து கடைசி மாதம் 8,458. வருடம் முடிய மொத்த வட்டி 9,750, கடனும் முடிந்துவிடும். பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் எழுதினேன். 'நூற்றுக்கு இரண்டுதான்' என்று சொல்லிக்கொண்டு, முதல் குறைந்தாலும் முழு இலட்சத்துக்கும் கடைசி வரை வட்டி எடுக்கிற இடத்தில் வருடத்துக்கு 24 ஆயிரம். அவர் அந்தக் கடதாசியை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு நோட்டீசே அடிக்கவில்லை. அந்தக் கணக்கைத்தான் ஒரு பக்கத்தில் போட்டோக் கொப்பி எடுத்து, கேட்கிறவர்களுக்குக் கையில் கொடுக்கிறோம். 'மாதம் இவ்வளவு, முடியும்போது இவ்வளவு' என்று ரூபாவில் இருக்கும். வீதம் கடைசி வரியில்தான்.

ஆனால் வட்டியைப் பார்த்து மட்டும் ஆட்கள் அங்கே போகவில்லை. பின்னேரம் கேட்டால் இரவுக்குள் காசு வரும், அதுதான் காரணம். எங்களுடைய கடன் குழு மாதத்துக்கு ஒருமுறை கூடும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் மூன்று கிழமை காத்திருப்பார்கள்? உபவிதியைத் திருத்தினோம். பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி, திணைக்களம் திருத்தத்தைப் பதிந்து தர நாலு மாதம் எடுத்தது. அதற்கு முதல் தொடங்கவும் முடியாது. இப்போது சொந்தச் சேமிப்பில் நூற்றுக்கு எண்பது வரை அன்றைக்கே எடுக்கலாம். இரண்டு பிணையாளரோடு 50 ஆயிரம் வரை இரண்டு வேலை நாள். இதை வாசலில் எழுதுவதற்கு முதல் மூன்று மாதம் சத்தமில்லாமல் செய்து பார்த்தோம். இரண்டு நாள் என்று எழுதிவிட்டு ஐந்தாம் நாள் கொடுத்தால் எழுதாமலே விட்டிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. இதை நான் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. வங்கி முகமற்றது, எங்களிடம் எல்லாரும் தெரிந்த முகம், அதுதான் எங்கள் பலம் என்று நான் நினைத்திருந்தேன். பெண்கள் சிலரோடு தனியே கதைத்தபோது அவர்கள் சொன்னது வேறு. "கடன் குழுவில என்ர பக்கத்து வீட்டுக்காரர் இருக்கிறார். நான் கடன் கேட்டது பின்னேரத்துக்குள்ள கிணத்தடிக்கு வந்திடும்." தெரியாத முகம் என்பதற்காகவே அவர்கள் பட்டணத்து வங்கிக்குப் போகிறார்கள். சிறு ஊரில் தெரிந்த முகம் என்றால் பாதுகாப்பும் உண்டு, வெட்கமும் உண்டு. அதனால் கண்ணாடிக் கவுண்டர் இருந்த இடத்தில் தட்டி அடைத்து ஒரு மேசை போட்டோம், கடன் கதை அங்கே மட்டும். குழுவுக்குப் போகிற விண்ணப்பத்தில் பெயர் இல்லை, இலக்கம்தான், வருமானமும் பிணையும் இருக்கும். பிணையாளர் யார் என்பதைக் குழுவில் இரண்டு பேர் மட்டும் பார்ப்பார்கள். கட்டத் தவறினால் முதலில் கடிதம், பிறகு தொலைபேசி, பிறகு பிணையாளர். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு யாருடைய படலையிலும் நாங்கள் நிற்பதில்லை. நுண்கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போட்டதைக் கண்ட வீடுகளுக்கு இந்தக் கடைசிச் சொல்லைத்தான் நான் முதலில் சொல்வேன்.

எடுத்துக்கொண்டு போன 41 பேரில் 23 பேர் ஒரு வருடத்துக்குள் திரும்பி வந்தார்கள். கண்ணாடியை ஒரு மருந்துக் கடைக்கு 60 ஆயிரத்துக்கு விற்றோம். மிச்சச் செலவை மூன்று வருடத்துக்குப் பிரித்துக் கணக்கில் எழுதியிருக்கிறோம், பொதுக்கூட்டத்தில் அதை நானே எழுந்து வாசித்தேன். கனடாவில் மகன் இருக்கிற அந்த அம்மாவும் வந்தார். 12 இலட்சத்தைத் திரும்பப் போடப் போகிறேன் என்றார். பத்துக்கு மேல் எடுக்க மாட்டோம் அம்மா, மிச்சத்தை வங்கியில் போடுங்கோ என்றேன்.

நிலுவை ஒரு வருடத்தில் 17 இலட்சத்திலிருந்து 11 இலட்சத்துக்கு வந்தது. பிறகு வெங்காயம் மழையில் அழுகிப்போன மாதம் திரும்ப 13 ஆனது. அன்று காலையில் கரும்பலகைக்கு முன்னால் சோக்கட்டியோடு கொஞ்ச நேரம் நின்றேன். 13 என்றே எழுதினேன். வீதியால் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, "என்ன தங்கச்சி, கூடியிருக்கு?" என்று கேட்டார். வெங்காயம் என்றேன். "ஓம், எங்களுக்கும் அதுதான்" என்றுவிட்டுப் போனார்.